மூத்தோருக்கான ஸ்மார்ட் போன் வகுப்பு: கட்டணமும் நேரமும் பொறுமையும் ஓர் அறிவித்தலில்

சில மாதங்களுக்கு முன்னர் பேஸ்புக்கில் ஓர் அறிவித்தலைக் காணக் கிடைத்தது. கண்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், பகல் வேளையில் கடையின் பின்னறை சும்மா கிடக்கிறதே என்று எண்ணி, மூத்தோருக்கான ஸ்மார்ட் போன் வகுப்பொன்றைத் தொடங்கியிருந்தார். நல்ல யோசனை. ஊரில் தேவையும் இருந்தது. பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். வாப்பாவின் கையில் மகன் அனுப்பிய போன் இருக்கிறது. கோல் வந்தால் எடுக்கத் தெரியாமல் பேரப் பிள்ளையைக் கூப்பிடுகிறார். இப்படி வீட்டுக்கு ஒருவராவது இருக்கிற ஊரில் வகுப்பு நிரம்பியிருக்க வேண்டும். வந்தவர்களோ இரண்டு பேர்.

அவர் படத்தின் கீழே எழுதியிருந்த வாசகம் இதுதான். இளைஞர்கள் இதனைக் கெப்ஷன் என்கிறார்கள்.

"முதியோருக்கான ஸ்மார்ட் போன் பயிற்சி! ஒன்றும் தெரியாதவர்களும் மூன்றே வாரத்தில் கற்கலாம்! மிக மிக இலகு! குறைந்த கட்டணம்! இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை, முந்துங்கள்! விபரங்களுக்கு இன்பொக்ஸ் வரவும்!"

பலர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். இன்பொக்ஸில் கட்டணம் கேட்டவர்களும் இருந்தார்கள், எல்லோரும் இளைஞர்கள். கற்க வேண்டியவர்கள் வரவில்லை. அந்த ஊரில் முன்னர் புடைவைக் கடை நடத்திய ஹாஜியார் ஒருவரிடம் சகோதரர் இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது, அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இன்பொக்ஸ் எங்க இருக்கு எண்டு படிக்கத்தானே நாங்க வாரது. அதுக்கு முதல் அதுக்குள்ள எப்பிடி வாரது?" என்று கேட்டாராம்.

இந்த ஒரு கேள்வியில் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. சின்னதொரு அறையும் ஓய்வான சில மணித்தியாலங்களும் உள்ள வர்த்தகர்கள் பலர் இப்படியான வகுப்பைத் தொடங்க எண்ணக்கூடும் என்பதால், அந்த அறிவித்தலை எவ்வாறு திருத்தி எழுதினோம் என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அந்த வாசகத்தை யார் வாசிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வகுப்புக்கு வரப்போகிறவர் அதனை வாசிக்கப் போவதில்லை. மகனோ மகளோ மருமகளோ வாசிக்கிறார்கள். அவர்களே பணத்தையும் கொடுக்கிறார்கள். பின்னர் அதனை வாப்பாவுக்கு அல்லது உம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்துச் சொல்கிறார்கள். ஆகவே அந்த வாசகம் சத்தமாக வாசித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். "ஒன்றும் தெரியாதவர்களும் கற்கலாம்" என்பதை நாற்பது வருடம் வியாபாரம் செய்த மனிதர் ஒருவரின் முகத்தைப் பார்த்து எந்த மகன் வாசித்துக் காட்டுவான்? அந்த வரியில் நா தடுக்கியதும் அவன் போனை மூடிவிடுவான். வகுப்புக்கு ஒரு ஆள் குறைந்தது.

"மிக இலகு" என்ற சொல்லும் அப்படித்தான். இளைஞருக்கு அது அழைப்பு. மூத்தவருக்கோ அது ஒரு பொறி. இலகு என்று சொன்ன காரியத்தை முதல் நாளில் செய்ய முடியாமற்போனால் பிழை தன்னிடம்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார். இரண்டாம் நாள் வரமாட்டார். வீட்டில் பேரப் பிள்ளைகளிடம் "இவ்வளவு லேசான வேலை உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுக் கேட்டு ஏற்கெனவே அவருக்கு மனம் சலித்திருக்கிறது. நாமும் அதையே சொல்லக் கூடாது.

"முந்துங்கள்" என்பதும், "முதல் பத்துப் பேருக்கு விசேட கழிவு" என்பதும் துணி விற்கப் பொருந்தும். ஆறுதலாகச் சொல்லித் தருவோம் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நின்று அவசரப்படுத்தினால் எதை நம்புவது? ஆறு இடம் இருந்தால் ஆறு இடம் என்று எழுதிவிடுங்கள், போதும்.

அப்படியானால் பொறுமையை எப்படிக் காட்டுவது? "பொறுமையாகக் கற்பிக்கப்படும்" என்று எழுதினால் காட்டியதாகுமா? எவரும் "பொறுமையில்லாமல் கற்பிக்கப்படும்" என்று எழுதுவதில்லை. ஆகவே அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. எத்தனை பேர், எவ்வளவு நேரம், தவறவிட்டால் என்ன நடக்கும், விளங்காவிட்டால் என்ன நடக்கும் என்பவற்றை எழுதினால் பொறுமை தானாகத் தெரியும். ஆனால் இவற்றை எழுதுவதற்கு முன்னர் வகுப்பில் அவை உண்மையாக இருக்க வேண்டும். இங்கேதான் கணக்கு வருகிறது.

ஒரு பிரிவுக்கு ஆறு பேர், ஆறு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறு நிமிடத்தில் செய்து காட்டப் பதினைந்து நிமிடமும், தேநீருக்குப் பதினைந்து நிமிடமும் போனால் மீதி அறுபது நிமிடம். ஒருவர் மாத்திரம் கற்பித்தால், ஒவ்வொருவரின் பக்கத்திலும் அமர்ந்து கை பிடித்துச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் கிடைக்கும். உதவிக்கு இன்னொருவர் இருந்தால் இருபது நிமிடம். பத்துப் பேரைச் சேர்த்தால், இருவர் கற்பித்தாலும் பன்னிரண்டு நிமிடந்தான். இந்த வயதில் ஒரு காரியத்தை மூன்று நான்கு முறை தன் விரலால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். அதற்கு இருபது நிமிடம் வேண்டும். ஆறு பேர் என்ற எண் இப்படித்தான் வந்தது.

உதவியாளர் அவசியம். ஒருவரின் போனில் ஏதோ ஒரு பக்கம் திறந்துகொண்டு மூட முடியாமல் நின்றால், உதவியாளர் இல்லாத வகுப்பில் மற்ற ஐவரும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது அவர்களும் எதையாவது தட்டிவிடுவார்கள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை ஒன்று போதும். பெண்கள் பிரிவுக்கு ஒரு பெண் பிள்ளை.

இனிச் செலவு. நாம் பார்த்த கடையில் உதவியாளருக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபா, ஆறு நாளுக்கு 6,000. தேநீரும் பிஸ்கட்டும் நாளொன்றுக்கு 500, மொத்தம் 3,000. பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு கையேடு ஒருவருக்கு 250 வீதம் ஆறு பேருக்கு 1,500. மின்சாரம், வைபை ஆகியவற்றுக்கு 1,500 ஒதுக்கினோம். ஆக ஒரு பிரிவுக்கு 12,000 ரூபா. ஒருவரிடம் 3,000 ரூபா அறவிட்டால் வரவு 18,000. கடைக்காரரின் கைக்கு 6,000 மிஞ்சுகிறது, ஒன்பது மணித்தியால உழைப்புக்கு. நான்கு பேர் மாத்திரம் வந்தால் செலவு தேறும், கைக்கு ஏறத்தாழ ஒன்றும் வராது. ஆகவே நான்குக்குக் குறைந்தால் பிரிவைத் தொடங்குவதில்லை, அடுத்த திகதிக்குத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தோம். உங்கள் ஊரில் கூலியும் வாடகையும் வேறாக இருக்கலாம். ஆனால் "குறைந்தது எத்தனை பேர்" என்ற எண்ணைக் கண்டுபிடிக்காமல் வாசகத்தை எழுத உட்கார வேண்டாம்.

வருமானம் சிறிது என்று தோன்றலாம். ஆம், சிறிதுதான். கடைக்காரர்கள் வழமையாகக் கணக்குப் போடுவது வேறு விதம்: வகுப்புக்கு வருகிறவர்களிடம் போன் கவர், கண்ணாடி, சார்ஜர், முடிந்தால் புதிய போன் விற்றுவிடலாம் என்று. இதனை வகுப்பு நடக்கும் நேரத்தில் செய்யவே வேண்டாம். முதல் நாளிலேயே "உங்கள் போன் பழசு, புதுசு எடுத்தால் நல்லது" என்று ஒரு சொல் விழுந்தால், வகுப்பு என்பது விற்பதற்கான வழி என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவும். மாறாக, "வகுப்பில் விற்பனை இல்லை" என்று வாசகத்திலேயே எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு நிம்மதி. அந்த மனிதருக்கு நாளை சார்ஜர் தேவைப்படும்போது யாருடைய கடைக்கு வருவார் என்பது வர்த்தகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டணத்தை எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. "விலைக்கு இன்பொக்ஸ்" என்று எழுதும் பழக்கம் இப்போது எல்லா வியாபாரத்திலும் பரவியிருக்கிறது. போட்டிக் கடைக்காரருக்கு விலை தெரியக் கூடாது என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். இந்த வகுப்பில் அதனால் நட்டமே. மகன் வாசிக்கும்போது கட்டணம் தெரியாவிட்டால் பின்னர் கேட்போம் என்று ஒத்தி வைப்பான், மறந்தும் போவான். "நாள் ஒன்றுக்கு 500 ரூபா மாத்திரம்" என்று எழுதுவதும் சரியல்ல. ஒரு நாள் வந்து பார்க்கலாம் என்று 500 ரூபாவோடு ஒருவர் வந்து நிற்பார், 3,000 என்றதும் முகம் மாறும். முழுத் தொகையை எழுதுங்கள், அதில் என்னென்ன அடங்கும் என்பதை எழுதுங்கள், வேறு எதுவும் கேட்கப்பட மாட்டாது என்பதையும் எழுதுங்கள்.

நமது கடைக்காரர் இன்னொரு காரியமும் செய்தார். முதல் நாள் கட்டணம் கேட்பதில்லை. வந்து அமர்ந்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் இரண்டாம் நாள் 3,000 ரூபாவைக் கொடுக்கலாம். பிடிக்காமல் போனால் ஒரு தேநீர்ச் செலவுதான். "எனக்கு இது ஏறாது" என்று தயங்கி நிற்கும் மனிதரை வாசற்படி தாண்ட வைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்காக வங்கிக் கணக்கு இலக்கத்தையும் வாசகத்தில் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வட்ஸ்அப்பில் கை மாறிக் கை மாறிச் செல்லும் வாசகத்தில் இலக்கத்தை மாற்றி எழுதுவது எவருக்கும் சிரமமான வேலையல்ல. உங்கள் பெயரில் வேறொருவர் பணம் வாங்கிவிட்டால் மானம் போவது உங்களுக்கு. பணம் கடையில், அல்லது கடையின் தொலைபேசிக்குப் பேசிய பின்னர் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது நேரம். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கற்பிப்பவரின் ஓய்வு நேரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கிறார்கள். வருகிறவரின் நாளைப் பார்ப்பதில்லை. ஆண்களுக்குக் காலை 9.30 முதல் 11.00 வரை மிகப் பொருத்தமாக அமைந்தது. காலை ஆகாரமும் மருந்தும் முடிந்திருக்கும், பேரப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருப்பார்கள், கண்ணும் மனமும் தெளிவாக இருக்கும், லுஹருக்கு முன்னர் ஆறுதலாக வீடு போகலாம். பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம் வேண்டாம்; அது சற்றுச் சாயும் நேரம்.

பெண்களுக்கு முதலில் காலை 10.30 என்று குறித்தார். ஒருவரும் வரவில்லை. ஏன் என்று அவருடைய உம்மாவே சொன்னார்: அந்த நேரத்தில் அடுப்பில் கறி இருக்கும். பின்னர் சனி, ஞாயிறு மாலை 4.15 முதல் 5.45 வரை என்று மாற்றினார். அஸர் தொழுதுவிட்டு வரலாம், கூட்டிவர வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூலையில் மஃரிப் சுமார் 6.30 மணிக்கு, நவம்பரில் 6 மணிக்கு முன்னரே வந்துவிடும். ஆகவே ஆண்டு இறுதியில் இதே பிரிவை நடத்தினால் கால் மணித்தியாலமோ அரை மணித்தியாலமோ முற்படுத்த வேண்டியிருக்கும். ஜூலை மாத அறிவித்தலை அப்படியே எடுத்து நவம்பரில் மீண்டும் போட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு வைக்கத் தேவையில்லை. ரமழானில் நிறுத்திவிடுவது நல்லது.

இன்னொன்று கிளினிக் நாள். சீனி, பிரஷர் உள்ளவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாதமொரு முறை போக வேண்டும். அதிகாலையில் போனால் பகல்தான் திரும்புவார்கள். மூன்று வாரப் பிரிவொன்றில் ஆறு பேரில் ஒருவருக்காவது அது குறுக்கிடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் மற்றவர்கள் முன்னேறியிருப்பார்கள் என்ற வெட்கத்தில் அவர் வராமலேயே விட்டுவிடுவார். எனவே தவறிய பாடத்தை வேறொரு நாள் அரை மணித்தியாலம் தனியாகச் சொல்லித் தருவது என்று வைத்துக்கொண்டோம். வாசகத்திலும் "கிளினிக் நாளென்றால் சொல்லுங்கள்" என்று எழுதினோம். அழைத்தவர்கள் பலர் குறிப்பிட்டுக் கேட்டது அந்த வரியைத்தான் என்று கடைக்காரர் சொன்னார்.

இனி எதைக் கற்பிப்பது. வாசகத்தில் "ஸ்மார்ட் போன் அடிப்படைகள்" என்று எழுதினால் மூத்தவருக்கு அது எதையும் உணர்த்தாது. அவருக்கு வேண்டியது வேறு: மகனின் வீடியோ கோலை எடுக்க வேண்டும், குரல் செய்தி அனுப்ப வேண்டும், வந்த படத்தைத் திறந்து பார்க்க வேண்டும், ஓர் இலக்கத்தைப் பெயருடன் பதிய வேண்டும், ஏமாற்றுச் செய்தியை அடையாளம் காண வேண்டும். ஐந்து காரியம், ஆறாம் நாள் மீள்பயிற்சி. போன் மூலம் வங்கி அலுவல் செய்வதைக் கற்பிக்க வேண்டாமென்று தீர்மானித்தோம். ஏதாவது தவறினால் பழி வகுப்பின் மேல் வரும். அதற்கு அவரது பிள்ளைகளும் வங்கியும் இருக்கிறார்கள். கற்பிக்காததையும் எழுதிவிட்டால், பின்னர் "அதையும் சொல்லித் தருவதாகச் சொன்னீர்களே" என்ற பேச்சு எழாது.

முதல் நாள் செய்ய வேண்டிய ஒரு காரியமும் வாசகத்துக்கு உதவியது. மூத்தவர்களின் விரல் திரையில் சற்று அதிக நேரம் தங்கும். அவர் தட்டுவதாக நினைக்கிறார். போனோ அவர் அழுத்திப் பிடித்திருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உடனே படங்கள் ஆடத் தொடங்கும், ஏதோ ஒரு பெட்டி திறக்கும், சில வேளை ஒரு செயலி இடம் மாறிப் போகும். "நான் தொட்டாலே போன் பழுதாகிறது" என்று அவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அண்ட்ரொய்ட் போன்களில் Settings உள்ளே Accessibility பகுதியில் Touch & hold delay என்று ஒன்று உண்டு; அதனை Long என்று மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். போனுக்குப் போன் அது இருக்கும் இடம் சற்று மாறலாம். எழுத்தின் அளவையும் அப்போதே பெரிதாக்கிக் கொடுக்கலாம். ஆகவே "உங்கள் விரலுக்கும் கண்ணுக்கும் ஏற்றவாறு போனைச் சரிசெய்து தருவோம்" என்று எழுத முடிந்தது. வருகிறவரைக் குறை சொல்லாமல், போனைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்கிற வரி அது. உண்மையும் அதுதான்.

இவ்வளவையும் வைத்து எழுதிய வாசகம் இது:

"வெளிநாட்டிலிருந்து பிள்ளை வீடியோ கோல் எடுக்கும்போது, நீங்களே எடுத்துப் பேசலாம்.
60 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆறு நாள் போன் வகுப்பு. கட்டணம் 3,000 ரூபா.

ஒரு பிரிவில் ஆறு பேர். சொல்லித்தர இருவர். ஒரே கேள்வியை எத்தனை முறையும் கேட்கலாம். உங்கள் விரலுக்கும் கண்ணுக்கும் ஏற்றவாறு முதல் நாளே போனைச் சரிசெய்து தருவோம்.

ஆண்கள்: திங்கள், புதன் காலை 9.30 – 11.00. ஆரம்பம் 2026 ஜூலை 6 திங்கள்.
பெண்கள்: சனி, ஞாயிறு மாலை 4.15 – 5.45. ஆரம்பம் 2026 ஜூலை 11 சனி. கற்பிப்பவர்கள் பெண்கள்.

கோல், குரல் செய்தி, படம் பார்த்தல், பெயர் பதிதல், ஏமாற்றுச் செய்திகளை அறிதல் ஆகியவை கற்பிக்கப்படும். வங்கி அலுவல்கள் கற்பிக்கப்பட மாட்டாது. உங்கள் இரகசிய இலக்கம் எதையும் நாம் கேட்க மாட்டோம்.

கட்டணத்தில் கையேடும் தேநீரும் அடங்கும். வேறு எதுவும் அறவிடப்படாது. முதல் நாள் வந்து பாருங்கள்; பிடித்திருந்தால் இரண்டாம் நாள் செலுத்துங்கள். வகுப்பில் விற்பனை இல்லை.

கிளினிக் நாளென்றால் சொல்லுங்கள், தவறிய பாடத்தைத் தனியாகச் சொல்லித் தருவோம். முடிந்த பிறகும் விளங்காதது இருந்தால் அடுத்த பிரிவில் இடமிருக்கும்போது இலவசமாக அமரலாம்.

உங்கள் சொந்தப் போனையும் மூக்குக் கண்ணாடியையும் கொண்டுவாருங்கள். பழைய போன் போதும். கீழ்மாடி, படி ஏறத் தேவையில்லை.

காலை 9 முதல் மாலை 5 வரை கடை இலக்கத்துக்கு அழையுங்கள். மிஸ்ட் கோல் கொடுத்தாலும் நாமே எடுப்போம்."

கடைசியில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். முகவரியில் வீதி இலக்கத்தை விட "மருந்துக் கடைக்கு எதிரே" என்பது பயன்தரும்.

பெண்கள் பிரிவில் "கற்பிப்பவர்கள் பெண்கள்" என்ற வரிக்காகக் கடைக்காரர் தமது சகோதரியையும் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளையையும் பொறுப்பாக்கினார். சகோதரிக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பதால் அந்தப் பிரிவில் அவருக்கு மிஞ்சியது எதுவுமில்லை. தெரிந்தே செய்தார். நாம் சொன்ன கணக்கு ஆண்கள் பிரிவுக்குரியது.

முதல் இரண்டு வரிகளில் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று சிலர் கேட்கலாம். பேஸ்புக்கில் நீண்ட வாசகம் முழுவதும் தெரியாது. சில வரிகளுக்குப் பின்னர் See more என்று நின்றுவிடும். எல்லோரும் அதைத் தட்டுவதில்லை. ஆகவே எதற்காக, யாருக்கு, எத்தனை நாள், எவ்வளவு என்ற நான்கும் அதற்கு முன்னரே வந்துவிட வேண்டும். வாழ்த்துரையுடனோ கடையின் பெருமையுடனோ தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும்.

"60 வயதுக்கு மேற்பட்டோர்" என்று எழுதியதற்கும் காரணமுண்டு. இலங்கைச் சட்டத்தில் மூத்தோர் என்பது 60 வயதிலிருந்து. முதியோர் அடையாள அட்டையும் அந்த வயதிலேயே வழங்கப்படுகிறது. வயதை எண்ணாக எழுதினால் "முதியோர்", "வயோதிபர்" போன்ற சொற்கள் தேவையில்லை. 57 வயதில் ஒருவர் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டுமென்பதில்லை. ஆனால் இருபது வயதுப் பிள்ளை ஒன்று அதே அறையில் அமர்ந்து எல்லாவற்றையும் முதலில் செய்து முடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதற்காகவே வயது எல்லை. கூட வருகிற பேரப் பிள்ளைகளையும் வெளியே அமர வைப்பது நல்லது. உள்ளே விட்டால் உம்மம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்து, "இப்படித்தான்" என்று தாமே செய்து முடித்துவிடுவார்கள்.

தட்டச்சு விடயத்தில் ஒரு எச்சரிக்கை. எமது ஊர்களில் அச்சகங்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் தமிழ் அடிக்கின்றன. அச்சகத்தில் அடித்ததை அப்படியே எடுத்து பேஸ்புக்கிலோ வட்ஸ்அப்பிலோ ஒட்டினால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் வரும். யுனிகோட் தமிழில் அடித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது போனிலுள்ள தமிழ் விசைப்பலகையில் நீங்களே அடியுங்கள்.

படமும் போடுவீர்கள். வட்ஸ்அப்பில் படம் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும்போது கீழேயுள்ள வாசகம் கழன்று போவதுண்டு. சிலர் படத்தை மாத்திரம் சேமித்து அனுப்புவார்கள். எனவே படத்துக்குள்ளும் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: வகுப்பின் பெயர், திகதியும் நேரமும், கட்டணம், தொலைபேசி இலக்கம். அதற்கு மேல் எதையும் திணிக்க வேண்டாம், எழுத்துச் சிறுத்துவிடும். திகதியோடு ஆண்டையும் கிழமையையும் போட்டதற்குக் காரணம், இவ்வாறான படங்கள் ஒரு வருடம் கழித்தும் எங்கிருந்தோ திரும்பி வரும். "எதிர்வரும் திங்கட்கிழமை" என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது வந்து நிற்பார்கள்.

அனுப்புவதற்கு முன்னர் ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். கடைக்காரர் அந்த வாசகத்தை முழுமையாகத் தமது உம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். "அறவிடப்படாது" என்ற சொல்லில் உம்மா நிறுத்தி, "அதென்ன?" என்றார். ஊர்ப் பேச்சில் "வேறொன்றும் எடுக்க மாட்டோம்" என்று மாற்றினோம். அதே வாசகத்தைச் சகோதரியின் குரலில் ஒரு குரல் செய்தியாகவும் பதிந்து, வட்ஸ்அப்பில் படத்துடன் சேர்த்து அனுப்பினார்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தார்கள்.

அந்த முறை ஆண்கள் பிரிவில் ஆறு பேர், பெண்கள் பிரிவில் ஐந்து பேர். புடைவைக் கடை ஹாஜியாரும் அவர்களுள் ஒருவர். பிரிவு நிரம்பியதும் பேஸ்புக் வாசகத்தை அழிக்காமல், முதல் வரிக்கு மேலே "இந்தப் பிரிவு நிரம்பிவிட்டது. அடுத்த பிரிவுக்குப் பெயர் கொடுக்கலாம்" என்று சேர்க்கச் சொன்னோம். வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருப்பதை யாரும் மாற்ற முடியாது. அதனைப் பார்த்துவிட்டு அழைத்தவர்களுக்கு "முடிந்துவிட்டது" என்று சொல்லி வைத்துவிடாமல், பெயரையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளும்படி உதவியாளர் பிள்ளையிடம் சொல்லி வைத்தார். இரண்டு வாரத்தில் அந்தக் கொப்பியில் ஏழு பெயர்கள் சேர்ந்தன. ஏழாமவரை அடுத்த பிரிவில் திணிக்கலாமா என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். அதற்கு அடுத்த பிரிவில் முதல் பெயராக எழுதச் சொன்னேன்.